அதே கிருமி திரும்ப வந்திருக்கிறது: ஆண்களுக்கு மட்டும் ஏன் 4 வாரம் மாத்திரை?

கதிர்57

வணக்கம். எனக்கு வயது 57. சர்க்கரை இல்லை, ரத்த அழுத்தத்துக்கு மட்டும் லோசார்டன் சாப்பிடுகிறேன். இரண்டு மாதம் முன்னால் திடீரென்று நீர்க்கடுப்பு. கால் மணிக்கு ஒருமுறை போகவேண்டும் போல இருக்கும், போனால் நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. யூரின் கல்ச்சர் எடுத்து 7 நாள் நைட்ரோஃபுரான்டாயின் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே எரிச்சல் போய்விட்டது. ஆனாலும் கோர்ஸை முழுதாகவே முடித்தேன்.

ஐந்து வாரத்தில் அதே தொல்லை திரும்பிவிட்டது. இந்த முறை கூடவே விரைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் ஒரு மந்தமான வலி, நெடுநேரம் உட்கார்ந்தால் அதிகமாகிறது. யூராலஜி டாக்டர் மறுபடி கல்ச்சர் எடுத்துவிட்டு, சிப்ரோஃப்ளாக்சசின் 500 காலையும் இரவும், 4 வாரம் என்று எழுதியிருக்கிறார். ஸ்கேனும் எடுக்கச் சொன்னார்.

போன வருடம் என் மனைவிக்கு இதே பிரச்சினை. 5 நாள் மாத்திரையில் சரியாகிவிட்டது, ஸ்கேன் எல்லாம் யாரும் கேட்கவில்லை. அதே சிறுநீர்ப்பை, அதே கிருமி, எனக்கு மட்டும் ஏன் 28 நாள்? இவ்வளவு ஆன்டிபயாட்டிக் உடம்புக்கு நல்லதா என்று பயமாக இருக்கிறது.

செம்மண்

சார், பயப்படுவது நியாயம்தான். ஆன்டிபயாட்டிக்கை நீட்டிக்கொண்டே போனால் கிருமி பழகிவிடும். ஆண்களுக்கு 7 நாளும் 14 நாளும் ஒரே பலன்தான் என்று 2021-ல் ஒரு அமெரிக்க ஆய்வு வந்தது. இதே சிப்ரோவும் கோட்ரைமாக்சசோலும்தான் அதில் கொடுத்தார்கள். 7 நாள் குழுவில் 93 சதவீதம் பேருக்கு, 14 நாள் குழுவில் 90 சதவீதம் பேருக்குக் குணமானது. எனவே எரிச்சல் நின்று இரண்டு நாள் பார்த்துவிட்டு நிறுத்திவிடலாம். தண்ணீர் நிறையக் குடியுங்கள், மீதியை உடம்பு பார்த்துக்கொள்ளும்.

வார்டு_நினைவுகள்

பல வருடம் யூராலஜி வார்டில் வேலை பார்த்த டாக்டர் நான், இப்போது ஓய்வு. கதிர் சார், தயவுசெய்து மாத்திரையை நிறுத்தாதீர்கள். செம்மண் சொன்ன ஆய்வு உண்மையானது, எண்களும் சரி. ஆனால் அதில் சேர்த்தது காய்ச்சல் இல்லாமல் வந்த ஆண்களை. காய்ச்சலோடு வந்த ஆண்களிடம் பிரான்ஸில் இதேபோல ஒரு ஆய்வு நடந்து 2023-ல் வெளியானது, மருந்து ஒஃப்ளாக்சசின். அங்கே 7 நாள் குழுவில் 56 சதவீதம் பேருக்குத்தான் பலன், 14 நாள் குழுவில் 78. ஆகவே ‘ஆண்களுக்கு இத்தனை நாள்’ என்று ஒரே கணக்கு கிடையாது. நோய் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதை வைத்துத்தான் நாள் முடிவாகும். இன்னொன்று, அந்த 7 நாள் குழு 7 நாளும் மாத்திரை சாப்பிட்ட குழு. எரிச்சல் நின்றதும் நிறுத்தலாம் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை.

உங்கள் மனைவிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 சென்டிமீட்டர். குடலில் இருக்கும் கிருமி சுலபமாக உள்ளே போய்விடும், சிறுநீர்ப்பையின் உள்சுவரோடு நின்றுவிடும். மருந்து சிறுநீரில் இறங்கினால் வேலை முடிந்தது. ஆண்களுக்குக் குழாய் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர், அவ்வளவு தூரம் கிருமி ஏறுவது கடினம். ஏறிவிட்டது என்றால் ‘இவருக்கு எப்படி வந்தது’ என்ற கேள்வியை டாக்டர் கேட்டே ஆகவேண்டும். சிறுநீர்ப்பையின் வாசலிலேயே, குழாயைச் சுற்றி, புராஸ்டேட் உட்கார்ந்திருக்கிறது. அதன் சின்னச் சின்ன நாளங்கள் நேராகக் குழாய்க்குள்தான் திறக்கின்றன. கிருமி அதற்குள் புகுந்துவிட்டால் சிறுநீரை எவ்வளவு சுத்தம் செய்தும் பயனில்லை. மாடித் தொட்டியைக் கழுவிவிட்டுக் குழாய்க்குள் இருக்கும் பாசியை விட்டுவைத்த மாதிரிதான்.

முதலில் கொடுத்த நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீரில் நன்றாகச் சேரும், புராஸ்டேட் திசுவுக்குள் போதிய அளவு போகாது. அதனால்தான் மூன்றே நாளில் எரிச்சல் நின்றும் ஐந்து வாரத்தில் திரும்பியது என்று எனக்குச் சந்தேகம். அந்த மருந்து உங்கள் மனைவிக்கு மிகச் சரியான மருந்து. உங்களுக்கும் முதல் தடவை கொடுத்ததைக் குறை சொல்லமாட்டேன். காய்ச்சலும் இல்லை, இந்த நடுவலியும் அப்போது இல்லை.

மூன்று விவரம் வேண்டும். இரண்டு கல்ச்சரிலும் எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படவில்லை? காய்ச்சலோ குளிர்நடுக்கமோ வந்ததா? நோய் வருவதற்கு முன்னால் சிறுநீர் எப்படிப் போனது, அதாவது தாரை மெலிந்ததா, முக்கிப் போகவேண்டியிருந்ததா, இரவில் எழுந்தீர்களா?

தாமரை_இலை

நல்ல வேளை இந்த இழையைப் பார்த்தேன். என் அப்பாவுக்கும் இதேதான். வயது 81, பல மாதமாகக் கத்தீட்டர். ஒவ்வொரு முறை யூரின் டெஸ்ட் செய்தாலும் கிருமி இருக்கிறது என்றே வருகிறது. காய்ச்சல் இல்லை, வலி இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். அவருக்கும் 4 வாரக் கோர்ஸ் கேட்டு வாங்கிவிடட்டுமா?

வார்டு_நினைவுகள்

வேண்டாம் அம்மா. அது வேறு விஷயம். நாள்கணக்கில் கத்தீட்டர் இருந்தால் அதன் மேல் கிருமி படலமாகப் படிவது நடக்கவே செய்யும். தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு ரிப்போர்ட்டில் கிருமி தெரிகிறது என்பதற்காக மருந்து கொடுத்தால், அடுத்த தடவை எதற்கும் அடங்காத கிருமிதான் மிஞ்சும். செம்மண் பயந்தது இந்த மாதிரி இடத்துக்குத்தான் மிகப் பொருத்தம். குளிர்நடுக்கம், காய்ச்சல், திடீர்க் குழப்பம், கத்தீட்டர் அடைப்பு, இவற்றில் ஒன்று வந்தால் உடனே காட்டுங்கள். இல்லையென்றால் டெஸ்டே எடுக்கவேண்டியதில்லை. விதிவிலக்கு ஒன்று: புராஸ்டேட் ஆபரேஷன் போல சிறுநீர்ப் பாதையில் ரத்தம் கசியும்படி ஏதாவது செய்யப்போகிறார்கள் என்றால் முன்கூட்டியே கல்ச்சர் பார்த்து மருந்து கொடுப்பார்கள்.

கதிர்57

நன்றி சார். ரிப்போர்ட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதல் கல்ச்சர்: ஈ.கோலை, மில்லிக்கு 1 லட்சத்துக்கு மேல். ஆம்பிசிலினுக்கும் செஃபுராக்சிமுக்கும் ‘ஆர்’, அதாவது கட்டுப்படவில்லை. சிப்ரோ, கோட்ரைமாக்சசோல், நைட்ரோஃபுரான்டாயின், ஜென்டாமைசின் எல்லாம் ‘எஸ்’, கட்டுப்படுகிறது.

இரண்டாவது: ஈ.கோலை, மில்லிக்கு 10,000. ஆர், எஸ் வரிசை அப்படியே அதேதான்.

காய்ச்சல் வரவில்லை. தாரை பற்றி யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. இப்போது யோசித்தால் இரண்டு மூன்று வருடமாகவே மெதுவாகத்தான் போகிறது. ஆரம்பிக்கக் கொஞ்சம் நிற்கவேண்டும், முடிந்த பிறகும் சொட்டும். வயசானால் அப்படித்தான் என்று விட்டுவிட்டேன். இரவில் இரண்டு முறை எழுவேன்.

ஸ்கேனில் புராஸ்டேட் 44 சிசி, கொஞ்சம் பெரியது என்று போட்டிருக்கிறது. சிறுநீர் கழித்த பிறகும் பையில் 160 மில்லி மிச்சம். கல் இல்லை, சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன.

வார்டு_நினைவுகள்

இரண்டு ரிப்போர்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தீர்களே, அதைத்தான் எல்லோரும் செய்யவேண்டும். ஈ.கோலை என்ற பெயர் பொருந்துவது மட்டும் போதாது, அது எல்லோர் குடலிலும் இருப்பது. ஆனால் எதற்குக் கட்டுப்படவில்லை, எதற்குக் கட்டுப்படுகிறது என்ற வரிசையும் அச்சு மாறாமல் இருந்தால், வெளியிலிருந்து புதிதாக ஒன்று வந்ததைவிட உள்ளே ஒளிந்திருந்த பழையதே திரும்பியிருக்கலாம் என்று நினைப்போம். உறுதியான நிரூபணம் இல்லை, பலமான சாயல். அதோடு நடுவலி. சேர்த்துப் பார்த்தால் உங்கள் டாக்டர் புராஸ்டேட் தொற்றைக் கணக்கில் எடுத்துத்தான் 4 வாரம் எழுதியிருக்கிறார். கிருமி நாள்பட்டு அங்கே தங்கிவிட்டால் 4 முதல் 6 வாரம் என்பது வழக்கமான அளவு. அங்கே மருந்து நுழைவதே மெதுவாகத்தான் நடக்கும், ஒளிந்திருக்கும் கிருமியும் மெதுவாகத்தான் சாகும்.

இரண்டாவது ரிப்போர்ட்டில் எண்ணிக்கை 10,000 என்று குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாறவேண்டாம். தொந்தரவு இருக்கும் ஆணிடம் ஒரே கிருமி தனியாக வளர்ந்தால் 1,000 கூட எங்களுக்குப் போதும்.

இப்போது 160 மில்லி. இதில்தான் ஆட்கள் தவறாக முடிவெடுப்பார்கள். ஸ்கேனுக்கு முன்னால் உங்களைத் தண்ணீராகக் குடிக்கச் சொல்லி, அடக்கமுடியாத அளவு வரை உட்காரவைத்தார்களா?

கதிர்57

ஆமாம் சார். வயிறு வெடிக்கும் போல இருந்தது. கூப்பிட நேரமாகிவிட்டது.

வார்டு_நினைவுகள்

அப்படி அளவுக்கு மீறி நிரம்பிய பை ஒரே மூச்சில் முழுதும் காலியாகாது. நல்ல ஆளுக்கே 100, 150 மிச்சம் காட்டும். தவிர, தொற்று இருக்கும்போது புராஸ்டேட் வீங்கியிருக்கும், அப்போதும் மிச்சம் கூடும். அதனால் இந்த ஒரு எண்ணை வைத்து ஆபரேஷன் பேச்சு எடுக்கக்கூடாது, ஒன்றுமில்லை என்று தள்ளவும் கூடாது. கோர்ஸ் முடிந்து சில வாரம் கழித்து, சாதாரணமாக வருகிற உணர்வில் போய், அவசரமில்லாமல் கழித்துவிட்டு, உடனே அளக்கச் சொல்லுங்கள். 50-க்குள் என்றால் நிம்மதி. திரும்பத் திரும்ப 100-ஐத் தாண்டினால் அந்தத் தேங்கல்தான் உங்களுக்குக் கிருமியை வளர்க்கிறது. அப்போது எத்தனை கோர்ஸ் சாப்பிட்டாலும் வாசல் திறக்காமல் தீராது.

மாத்திரை சாப்பிடும் நாட்களில் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தால், அல்லது சிறுநீர் அடியோடு நின்றுவிட்டால், மறுநாள் வரை காத்திருக்கவேண்டாம், அவசரப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். காய்ச்சலோடு வரும் புராஸ்டேட் தொற்றில், சரியான மருந்து கொடுத்தும் இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் இறங்கவில்லை என்றால் உள்ளே சீழ்க்கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்ப்போம். இருந்தால் அதை வடிக்கவேண்டியிருக்கலாம்.

செம்மண்

சரி, இடத்தைப் பொறுத்தது என்பது புரிகிறது. ஆனாலும் கேட்கிறேன், புராஸ்டேட்டில்தான் கிருமி இருக்கிறது என்று சாயலை வைத்து மட்டும் 4 வாரம் கொடுக்கலாமா? நேராகப் பார்க்க வழி இல்லையா? பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எடுத்தால் தெரிந்துவிடுமே. புற்றுநோய் இருந்தாலும் அதிலேயே பிடிபட்டுவிடும்.

வார்டு_நினைவுகள்

நேராகப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதலில் நடுத்தாரை சிறுநீர் ஒன்று, அப்புறம் டாக்டர் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டை அழுத்திவிட்டு உடனே வருகிற சிறுநீர் ஒன்று. இரண்டாவதில் மட்டும் கிருமி வளர்ந்தால், அல்லது பல மடங்கு அதிகமாக வளர்ந்தால், புராஸ்டேட்தான் இடம். ஆனால் சிறுநீர்ப்பையே கிருமியால் நிரம்பியிருக்கும்போது இந்த டெஸ்ட் எதையும் பிரித்துக் காட்டாது. காய்ச்சல் இருக்கும்போது அழுத்தவே கூடாது, கிருமி ரத்தத்தில் கலந்துவிடும். அதனால் நடைமுறையில் பல டாக்டர்கள் இதைச் செய்வதில்லை, கதையை வைத்தே முடிவெடுக்கிறார்கள். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. நான் வேலையில் இருந்தபோது, தொந்தரவு அடங்கிய பிறகும் சந்தேகம் இருந்தால் இதைச் செய்து பார்ப்பேன்.

பி.எஸ்.ஏ. இப்போது எடுக்கவே கூடாது. தொற்று இருக்கும்போது அது தாறுமாறாக ஏறும், 4-க்குள் இருக்கவேண்டியது 20, 30 என்று வரும். அதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டு, தேவையில்லாமல் ஊசி போட்டுத் திசு எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேதனை யாருக்கும் வேண்டாம். எடுப்பதென்றால் எல்லாம் அடங்கி 6 முதல் 8 வாரமாவது போகட்டும்.

ஓடை_ஓரம்

என் அனுபவம் கொஞ்சம் வேறு, அதனால் எழுதுகிறேன். எனக்கு 36 வயது. தொடர்ந்து நீர்க்கடுப்பு. ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர், ஒவ்வொருவரும் ஒரு வாரக் கோர்ஸ். இந்த வயதில் புராஸ்டேட் வீங்காது என்று யாரும் அதற்கு மேல் பார்க்கவில்லை. கடைசியாக ஒருவர் மட்டும் சின்ன வயதில் அடிபட்டதா என்று கேட்டார். பள்ளியில் படிக்கும்போது சைக்கிள் கம்பியில் கால் விரித்து விழுந்து, அன்று சிறுநீரில் ரத்தம் வந்தது ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு மெஷினில் சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள், அது வேகத்தைக் கோடாகப் போடும். மற்றவர்களுக்கு அந்தக் கோடு மலை மாதிரி ஏறி இறங்குமாம். எனக்கு ஏறவே இல்லை, தட்டையாக நீண்டுகொண்டே போனது. அப்புறம் குழாய்க்குள் சாய மருந்து விட்டு எக்ஸ்ரே. பழைய காயம் தழும்பாகி ஒரு இடத்தில் குழாய் சுருங்கியிருந்தது. அதைச் சரிசெய்த பிறகு தொற்று வரவில்லை. கதிர் சார், நீங்களும் அடிபட்ட கதை, எப்போதாவது கத்தீட்டர் போட்ட கதை இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவர்கள் கேட்காவிட்டாலும்.

வார்டு_நினைவுகள்

மிக நல்ல பதிவு. இளவயது ஆணுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விடக்கூடாது. கூடவே, அந்த வயதில் எரிச்சலோடு குறியிலிருந்து சீழோ கசிவோ வந்தால் அது சிறுநீர்ப்பைத் தொற்று இல்லாமல் பால்வினைத் தொற்றாக இருக்கலாம். அதற்கு டெஸ்டும் வேறு, மருந்தும் வேறு, துணைக்கும் சேர்த்தே கொடுக்கவேண்டும்.

மருந்துச்சீட்டு

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை செய்கிறேன். ‘4 வாரம் சாப்பிட்டும் கேட்கவில்லை’ என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது: சிப்ரோவை எதோடு சேர்த்துச் சாப்பிட்டீர்கள்? கால்சியம் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, துத்தநாகம் கலந்த வைட்டமின், நெஞ்செரிச்சலுக்கான ஜெல், இவை வயிற்றிலேயே சிப்ரோவைப் பிடித்துக்கொள்ளும். ரத்தத்துக்குப் போகாமலே வெளியேறிவிடும். இவற்றுக்கு 2 மணி நேரம் முன்னாலோ 6 மணி நேரம் பின்னாலோ சிப்ரோவைப் போடவேண்டும். பாலோ தயிரோ மட்டும் குடித்து அதோடு போடுவதும் கூடாது.

கதிர் அண்ணா, குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாணில் வலியோ வீக்கமோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த நாண் அறுந்துபோகும் ஆபத்து இந்த வகை மருந்துக்கு உண்டு, ஸ்டீராய்டு சாப்பிடுபவர்களுக்கும் வயதானவர்களுக்கும் கூடுதல். கை கால் மரத்துப்போவது, காரணமில்லாத பதற்றம் இவையும் அப்படியே. நீங்கள் பயந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை, இது லேசான மருந்து கிடையாது.

புராஸ்டேட்டுக்குள் போகும் இன்னொரு மருந்து கோட்ரைமாக்சசோல், அதற்கும் உங்கள் கிருமி கட்டுப்படுகிறது. பிறகு ஏன் சிப்ரோ என்றால், நீங்கள் லோசார்டன் சாப்பிடுவது காரணமாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்.

கதிர்57

காலையில் சிப்ரோவோடு கால்சியம் மாத்திரையையும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்! மாத்திரை அட்டையில் இதெல்லாம் இல்லை. இன்றிலிருந்து கால்சியத்தை மதியத்துக்கு மாற்றிவிட்டேன். டாக்டரிடம் போனில் சொன்னேன், 4 வாரத்தை இன்றிலிருந்து எண்ணச் சொன்னார்.

கதிர்57

கோர்ஸ் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. நடுவலி மூன்றாம் வாரத்திலேயே குறைந்தது, இப்போது இல்லை. ஸ்கேன் திரும்ப எடுத்தேன், இந்த முறை அளவாகத் தண்ணீர் குடித்து, நிதானமாகப் போய்விட்டு வந்தேன். மிச்சம் 85 மில்லி. சிறுநீர் வாசலைத் தளர்த்த டாக்டர் டாம்சுலோசின் இரவில் ஒன்று கொடுத்திருக்கிறார். தாரை நன்றாகவே மாறியிருக்கிறது. முதல் சில நாள் படுக்கையிலிருந்து எழும்போது தலை சுற்றியது, இப்போது உட்கார்ந்து எழுகிறேன்.

ஒரே குழப்பம். கடைசி யூரின் டெஸ்டில் கிருமி இல்லை, சீழ்செல் இல்லை, ஆனால் ரத்தச் சிவப்பணு மட்டும் 8, 10 என்று இருக்கிறது. கண்ணுக்கு ரத்தம் தெரியவில்லை. தொற்றின் மிச்சம்தானே?

செம்மண்

புண் ஆறும்போது கொஞ்சம் ரத்தம் இருக்கத்தான் செய்யும். விட்டுவிடுங்கள் சார்.

வார்டு_நினைவுகள்

விடவேண்டாம். தொற்று இருந்தபோது சிவப்பணு இருந்தால் அது தொற்றின் கணக்கு. கிருமியும் சீழ்செல்லும் போய் ஆறு வாரம் கழித்தும் இருந்தால் அதற்குத் தனியாகக் காரணம் தேடவேண்டும். பெரிய புராஸ்டேட்டே ரத்தம் கசியலாம், சின்னக் கல் இருக்கலாம், சிறுநீர்ப்பையில் கட்டியும் இருக்கலாம். உங்கள் வயதில் கேமரா குழாய் விட்டு உள்ளே பார்ப்பதுதான் முறை. புகைபிடித்திருந்தால் தள்ளியே போடக்கூடாது. மரத்துப்போகும் ஜெல் போட்டுச் சில நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். அதற்கு முன்னால் ஒரு கல்ச்சர் கேட்பார்கள். பி.எஸ்.ஏ.வையும் இப்போது எடுக்கலாம், நாள் சரியாக இருக்கிறது.

கதிர்57

பத்து வருடம் முன்னால் வரை புகைபிடித்தேன். நாளைக்கே போன் செய்து தேதி வாங்குகிறேன். 85 மில்லி மிச்சத்துக்கு டாம்சுலோசினே போதுமா, வேறு ஏதாவது செய்யவேண்டுமா என்று அவரிடமும் கேட்கிறேன்.

வார்டு_நினைவுகள்

85 நடுவாந்தரம். 50-க்கும் 100-க்கும் இடையில் என்ன செய்வது என்பதில் ஆளுக்கு ஒரு வழக்கம். நானாக இருந்தால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்பேன். சளிக்கு மூக்கடைப்பு மாத்திரை எதையும் கேட்காமல் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், அதில் சில வகை சிறுநீர் வாசலை இறுக்கி அடைத்துவிடும். கேமரா பார்த்ததும் என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள்.